சம்பளம் அங்கேயே நிற்க, லாபம் எங்கிருந்து வருகிறது?

ரூபாயின் மதிப்பு சரிகிற வாரங்களில் பெட்ரோலிய நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் எல்லாம் கவலையில் இருக்கும். ஐ.டி. பங்குகள் மட்டும் பெரும்பாலும் ஏறும். “ரூபாய் விழுந்தால் ஐ.டி.க்கு நல்லது” என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்க்கிற பொறியாளர்களும் அதையே நம்பி, தங்களுக்கும் ஏதோ நல்லது நடப்பதாக மகிழ்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். அந்த வாரம் நீங்கள் கூடுதலாக ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. புதிய வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. அப்படியும் லாபம் கூடியிருக்கிறது என்றால், அந்தப் பணம் யாரோ ஒருவர் பங்கிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? அது யார் பங்கு?

செலாவணி மாற்று விகிதத்தை மழை, வெயில் மாதிரி இயற்கை நிகழ்வாக நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. வானத்திலிருந்து கொட்டுகிற லாபத்துக்குக் கணக்கு கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

விளங்கிக்கொள்வதற்காக ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வங்கி ஒன்று, மென்பொருள் பராமரிப்புக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருகிறது. டாலர் 80 ரூபாய் என்றால் வரவு 8 கோடி. செலவு இரண்டு வகை. அங்கேயே வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்காரும் ஆன்சைட் ஆட்களின் சம்பளம், துணை ஒப்பந்தக்காரர்கள், விசா, பயணம், விற்பனைப் பிரிவு எல்லாம் டாலர் செலவு. அது நாலரை லட்சம் டாலர், அதாவது 3 கோடியே 60 லட்சம் ரூபாய் என்று வைப்போம். சென்னையில் இருக்கும் குழுவின் சம்பளம், கட்டட வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 2 கோடியே 60 லட்சம். மீதி 1 கோடியே 80 லட்சம் லாபம். வரவில் அது இருபத்திரண்டரை சதவீதம்.

இப்போது டாலர் 84 ரூபாய் ஆகிறது. வரவு 8 கோடியே 40 லட்சம். டாலர் செலவும் உடன் ஏறி 3 கோடியே 78 லட்சம் ஆகிறது. சென்னைச் செலவு மட்டும் அதே 2 கோடியே 60 லட்சம். லாபம் 2 கோடியே 2 லட்சம், வரவில் ஏறத்தாழ 24 சதவீதம். ஒரு துரும்பையும் அசைக்காமல் 22 லட்சம் கூடுதல். ரூபாய் ஒரு சதவீதம் சரிந்தால் லாப விகிதம் சுமார் 0.3 புள்ளி ஏறும் என்று இந்தத் துறையில் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். அதன் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

இதே கணக்கை டாலரில் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வங்கி ஒரு டாலர்கூட அதிகம் தரவில்லை. டாலர் செலவும் மாறவில்லை. சென்னைச் செலவு முன்பு 3,25,000 டாலராக இருந்தது, இப்போது சுமார் 3,09,500. குறைந்தது ஏறக்குறைய 15,500 டாலர். லாபம் 2,25,000 டாலரிலிருந்து சுமார் 2,40,500 ஆகியிருக்கிறது. கூடியதும் அதே 15,500 டாலர்தான். சென்னைச் செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால், நேராகவே சொல்கிறேன்: ரூபாய் சரிவில் நிறுவனம் பெறுகிற லாபத்தின் பெரும்பகுதி, இங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் கூலி டாலரில் சுருங்கியதால் வந்தது.

“சம்பளம் வாங்குவது ரூபாயில், அரிசி வாங்குவதும் ரூபாயில். டாலர் கணக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியையும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும் இறக்குமதி செய்கிறது. ரூபாய் சரிவு சில மாதங்களில் பெட்ரோல் பங்க் வழியாகவும் மளிகைக் கடை வழியாகவும் வீட்டுக்குள் வந்துவிடும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. சென்னைப் பொறியாளர் செய்த வேலை டாலரில் விற்கிறது. விற்ற விலையில் அவருடைய பங்கு என்ன என்பதை ரூபாயில் பார்த்தால் தெரியாது, டாலரில் பார்த்தால்தான் தெரியும்.

நீண்ட காலத்தில் பார்த்தால் இது இன்னும் கொடுமை. 2010-இல் டாலர் 45, 46 ரூபாய். பெரிய நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேராகச் சேரும் ஃப்ரெஷருக்கு ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை லட்சம். 2024-இல் டாலர் 83, 84 ரூபாய். பெருவாரியான ஃப்ரெஷர்களுக்கு அப்போதும் மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். மூன்றேகால் லட்சம் அன்றைக்கு ஏழாயிரம் டாலருக்கு மேல். மூன்றரை லட்சம் 2024-இல் நாலாயிரத்துச் சொச்சம். உள்ளூர் விலைவாசியோ இதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்தப் பதினைந்து ஆண்டு லாபத்தை நிர்வாகத் திறமை என்று மட்டும் புகழ்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் புகழட்டும்.

சரி, இந்த லாபம் நிறுவனத்திடம் நிலைத்து நிற்கிறதா? இல்லை. அது எங்கே தேய்கிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உண்மையான பாடம்.

முதலில் ஹெட்ஜிங். வரப்போகும் டாலரில் ஒரு பகுதியை இன்றே பேசிய விலைக்கு வங்கியிடம் முன்கூட்டி விற்றுவைப்பது ஏற்றுமதியாளர்களின் வழக்கம். அடுத்த ஆறு மாத வரவில் பாதியை 81 ரூபாய்க்கு விற்றிருந்தால், சந்தையில் டாலர் 84 ஆனாலும் அந்தப் பாதிக்குக் கிடைப்பது 81 தான். சராசரி எண்பத்திரண்டரை. ரூபாய் திடீரென வலுத்தால் சம்பளம் கொடுக்கக் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இதனால் லாபம் தள்ளிப்போகும், அழிந்துவிடாது. பழைய ஒப்பந்தங்கள் தீர்ந்ததும் புதிய விலையில் விற்கலாம்.

அடுத்தது, எந்த நாணயம் என்பது. 2022-இல் டாலருக்கு எதிராக ரூபாய் மட்டும் சரியவில்லை, உலகமே சரிந்தது. அந்த ஜனவரியில் சுமார் 100 ரூபாயாக இருந்த பிரிட்டிஷ் பவுண்டு, செப்டம்பர் கடைசியில் 90-க்குக் கீழே இறங்கியது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு பில் போட்டவருக்கு ரூபாய் பலவீனம். லண்டன் வாடிக்கையாளருக்கு பில் போட்டவருக்கு அதே மாதத்தில் ரூபாய் பலம். அதனால்தான் காலாண்டு முடிவுகளில் மாற்று விகிதத்தை மாறாததாக வைத்துக் கணக்கிட்ட வளர்ச்சியைத் தனியாகச் சொல்கிறார்கள். ஒரு நிறுவனம் உண்மையில் வளர்ந்திருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர் ரூபாய் வருமானத்தைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வாடிக்கையாளர். அமெரிக்க வங்கியின் கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கும் மாற்று விகிதம் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, “உங்கள் செலவு டாலரில் குறைந்திருக்கிறதே, விலையைக் குறையுங்கள்” என்பார். நீங்கள் மறுத்தால், அதே சரிவில் அதே சலுகை பெற்ற இன்னொரு இந்திய நிறுவனம் குறைத்துக் கொடுக்கத் தயாராக இருக்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்த சலுகை யாருக்கும் போட்டியில் உதவாது. நம் கணக்கில் வெறும் இரண்டு சதவீதத் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள்: வரவில் 16 லட்சத்து 80 ஆயிரம் போய்விடும். கிடைத்த 22 லட்சத்தில் மிஞ்சுவது சுமார் 5 லட்சம். தள்ளுபடி 2.6 சதவீதம் ஆனால் எல்லாமே பூஜ்யம். தள்ளுபடி டாலர் வரவு முழுவதிலும் வெட்டுகிறது. சரிவின் பலன் ரூபாய்ச் செலவு என்கிற சின்னப் பகுதியில் மட்டும் கிடைக்கிறது. ஐந்து சதவீதச் சரிவைத் தின்ன அதில் பாதித் தள்ளுபடி போதுமாக இருப்பது இதனால்தான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சென்னைப் பொறியாளரின் கூலி டாலரில் சுருங்கியதில் பிறந்த பணம், சில காலாண்டுகள் பங்குதாரரிடம் தங்கிவிட்டு, பிறகு நியூயார்க் வங்கியின் கணக்குக்குப் போகிறது. இதைத்தான் நாட்டுக்கு நல்லது என்று நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

நிறுவனத்தின் தரப்பு இதற்குச் சொல்லும் பதிலைப் புறக்கணிக்க மாட்டேன். விலையைக் குறைக்காவிட்டால் வேலை பிலிப்பைன்ஸுக்கோ போலந்துக்கோ போய்விடும், குறைந்த விலையால்தான் லட்சக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படியென்றால், அந்த வேலைவாய்ப்புக்கான விலையைக் கொடுத்தது தொழிலாளி என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். 2007-இல் ரூபாய் 44-லிருந்து 39-க்கு வலுத்தபோது நிறுவனங்கள் செலவைச் சுருக்க, ரூபாயைத்தான் காரணம் காட்டின. 2013 மே மாதம் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியபோது, இந்தக் கூடுதல் பணத்தில் உங்களுக்கு இவ்வளவு என்று எந்த ஊழியரின் சம்பளச் சீட்டிலும் ஒரு வரி ஏறியதாக நான் அறியேன். நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு நியாயம் இருந்தால், லாபத்துக்கும் அதே நியாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஊழியர். நம் கணக்கில் சென்னைச் செலவு எட்டரை சதவீதம் ஏறினால் 22 லட்சமும் தீர்ந்துவிடும். இது நடந்தும் இருக்கிறது. 2021-22-இல் சராசரியாக 74, 75 ரூபாயாக இருந்த டாலர், 2022-23-இல் 80 ரூபாயை ஒட்டியது. “ரூபாய் விழுந்தால் ஐ.டி.க்கு நல்லது” என்ற வாய்ப்பாடு உண்மையானால் லாப விகிதம் ஏறியிருக்க வேண்டும். இன்ஃபோசிஸின் இயக்க லாப விகிதம் 23 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கியது. டி.சி.எஸ்.ஸுக்கு 25.3-லிருந்து 24.1. காரணங்களில் முதன்மையானது, ஆட்கள் வேலையை விட்டுப் போனது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டவர்களின் ஆண்டு விகிதம் 28.4 சதவீதம். போகிறவரைத் தக்கவைக்கவும், போனவர் இடத்தில் வெளியிலிருந்து எடுக்கவும், துணை ஒப்பந்தக்காரர்களை அமர்த்தவும் கொடுத்த பணம் செலாவணி லாபத்தை விழுங்கிவிட்டது.

ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது மூன்று, நான்கு ஆண்டு அனுபவமும் கையில் இன்னொரு ஆஃபரும் வைத்திருந்தவர்களிடம். அதே ஆண்டில் கேம்பஸில் தேர்வாகி ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள் பலர், சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தார்கள். பேரம் பேச அவர்களுக்கு எதுவும் இல்லை. ரூபாய் எந்த விலைக்கு விற்றாலும், அவர்களுக்கு நீட்டப்பட்ட தாளில் இருந்தது அதே மூன்றரை லட்சம்தான்.