திருப்பிக் கொடுத்த பாலிசியும் கொடுத்த வாக்கும்

வியாபாரி ஒருவர் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று எடுக்கிறார். பாரத்தில் கையெழுத்திடுகிறார், முதல் பிரிமியத்தையும் கட்டிவிடுகிறார். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து படித்துப் பார்த்தால், ஏஜண்டு சொன்னது ஒன்று, பத்திரத்தில் இருப்பது வேறு. பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம் என்கிறது பத்திரம். ஆனால் அவருடைய மனம் தடுக்கிறது. ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்குக் கட்டளையிடுகிறது. கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்குவது முஸ்லிம் வியாபாரிக்கு அழகா?

மனத்தில் அச்சமுள்ளவருக்குத்தான் இந்தக் கேள்வி எழும். ஆகவே அதை ஒதுக்கிவிடாமல் ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு ஆராய்வோம்.

கிள்ளானில் ஜவுளிக் கடை நடத்தும் நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஏஜண்டு அவருடைய மச்சான் மகன். "மாமா, வருஷத்துக்கு 6,000 வெள்ளி. ஐந்தே வருஷம் கட்டினால் போதும்; பிறகு லாபத்தோடு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். தக்காஃபுல் மாதிரிதான், பயப்பட வேண்டாம்" என்கிறான். கடையில் கூட்டம், பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை. மாமா கையெழுத்திட்டுவிட்டார். சில நாள் கழித்துப் பத்திரம் வந்தது. ஒன்பதாம் நாள் அவருடைய மகள் அதைப் படித்தாள். பிரிமியம் எண்பது வயது வரை கட்ட வேண்டும் என்று இருந்தது. கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டு நிதியில் யூனிட்டுகளாகப் போகிறது. அவற்றின் விலை ஏறும், இறங்கும். கம்பெனி உத்தரவாதம் எதுவும் தரவில்லை. உயிர்க் காப்புக்காக அந்த யூனிட்டுகளிலிருந்தே மாதந்தோறும் கட்டணம் கழிக்கிறார்கள். வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஐந்து வருஷத்தோடு கட்டுவதை நிறுத்தினால், கழித்துக் கழித்து யூனிட்டுகள் தீர்ந்துபோய்ப் பாலிசியே காலாவதியாகலாம்.

தக்காஃபுல் என்ற சொல் பத்திரத்தில் ஓரிடத்திலும் இல்லை. இதில் நம்மவர் பலர் ஏமாறுவதால் ஓர் அடையாளம் சொல்லிவைக்கிறேன். மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1972-ஆம் ஆண்டிலேயே வழக்கமான ஆயுள் இன்ஷூரன்ஸ் செல்லாத கொடுக்கல் வாங்கல் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பின்னர் 1984-இல் தக்காஃபுலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இன்று 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் தக்காஃபுல் நிறுவனங்கள் தனி உரிமம் பெற்று நடக்கின்றன. அவை கொடுப்பது 'சான்றிதழ்'. அவை வாங்குவது 'பங்களிப்பு'. பாலிசி, பிரிமியம் என்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் வழக்கமான இன்ஷூரன்ஸ் என்று சந்தேகப்பட்டு, கம்பெனியின் பெயரையும் உரிமத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'மாதிரி' என்ற சொல்லை நம்பி ஹலால் ஹராம் விஷயத்தில் கையெழுத்திடுவது உசிதமல்ல.

இனி வாக்கு விஷயத்துக்கு வருவோம். மாமா எதற்குச் சம்மதித்தார்? ஐந்து வருஷம் கட்டி முடியும் ஒரு சேமிப்புக்கு. அவருக்கு வந்து சேர்ந்தது முப்பத்திரண்டு வருஷம் கட்ட வேண்டிய வேறொன்று. அவர் வாக்குக் கொடுத்த பொருள் அவரிடம் வரவே இல்லை. வாக்கை நிறைவேற்று என்றால் எந்த வாக்கை நிறைவேற்றுவது?

நம் மார்க்கம் இதை முன்பே யோசித்திருக்கிறது. மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு ஃபிக்ஹு நூல்கள் 'கியார்' என்று பெயரிட்டிருக்கின்றன. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துகொண்டிருந்த ஒரு ஸஹாபியை, இனி எதை வாங்கினாலும் ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லி வாங்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவருக்கு மூன்று நாள் தவணை கொடுக்கப்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. ஏமாந்தவர் கவனக்குறைவானவர்தானே என்று அவருடைய உரிமையைப் பறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "படிக்காமல் கையெழுத்திட்டது உம் தப்பு" என்று மாமாவிடம் சொல்கிறவர்கள் உண்டு. தப்புத்தான், ஆனால் அவருடைய கவனக்குறைவு மற்றவருடைய பொய்யை ஹலாலாக்கிவிடாது.

இதைவிட நெருக்கமான உதாரணம் முஸர்ராத். விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கவைத்துக் காட்டும் ஆட்டுக்கு அப்படிப் பெயர். வாங்கியவர் கறந்து பார்த்து உண்மை தெரிந்ததும், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பும்போது, தாம் கறந்துகொண்ட பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கூடக் கொடுக்க வேண்டும். ஏமாற்றியவனுக்கும் அவனுக்குச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அந்த நியாயம்தான் என்னை வியக்கவைக்கிறது. பாலிசியும் ஆடும் ஒன்றல்ல; ஃபத்வா சொல்வது ஆலிம்களின் வேலை. ஆயினும் மனம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இது வழி காட்டும்.

அந்த ஒரு ஸாஉவைப் போன்ற கழிவு பாலிசியிலும் உண்டு. மலேசியாவில் ஆயுள் பாலிசியைப் பத்திரம் கையில் சேர்ந்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் திருப்பலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, பத்திரம் சேர்ந்த நாளிலிருந்து. மின்னஞ்சலில் வந்திருந்தால் அது வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலிசியானால் மருத்துவப் பரிசோதனைச் செலவு போக மீதி திரும்பும். முதலீட்டுப் பாலிசியில் கணக்கு சற்று மாறும். மாமாவின் 6,000 வெள்ளியில் 3,600 வெள்ளி யூனிட்டு வாங்கப் போயிற்று என்று கொள்வோம். விலை ஒரு வெள்ளியானால் 3,600 யூனிட்டு. மீதி 2,400 வெள்ளி கம்பெனியின் செலவுக்கும் கமிஷனுக்கும். முதல் மாதக் காப்புக் கட்டணத்துக்கு 60 யூனிட்டு கழிந்து 3,540 நின்றது. திருப்பும் நாளில் விலை 98 காசு. ஆக யூனிட்டு மதிப்பு 3,469 வெள்ளி 20 காசு. அதோடு கழித்த கட்டணம் 60 வெள்ளியும், யூனிட்டு வாங்காத 2,400 வெள்ளியும் திரும்ப வரும். மொத்தம் 5,929 வெள்ளி 20 காசு. பரிசோதனைச் செலவு 180 வெள்ளி போனால் கையில் 5,749 வெள்ளி 20 காசு. முழுத் தொகையும் வரவில்லையே என்று சண்டையிடுவது நியாயமல்ல. விலை இறக்கமும் மருத்துவர் கூலியும் நடந்துவிட்ட செலவுகள். ஆனால் பதினாறாம் நாள் போனால் அந்த 2,400 வெள்ளி போனதுதான்; யூனிட்டுகளின் மதிப்பு மட்டுமே கிடைக்கும், அதிலும் கம்பெனிக்குத் தக்கபடி கழிவு இருக்கலாம்.

ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடனே தாமதிக்காமல் திருப்ப வேண்டும். தெரிந்தும் வாளாவிருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். இங்கேதான் நம்மவர் தவறுகிறார்கள். குறை தெரிந்ததும் முதலில் ஏஜண்டுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். அவன் வருகிறான், டீ குடிக்கிறான், "நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா, பத்திரத்தைக் கொடுங்கள்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறான். பத்திரம் பையிலேயே இருக்கப் பதினைந்து நாள் ஓடிவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறான் என்று சொல்லவில்லை. ஆனால் பாலிசி ரத்தானால் அவன் வாங்கிய கமிஷனைக் கம்பெனி திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதி, பாலிசி எண்ணையும் பத்திரம் வந்த தேதியையும் குறித்து, இலவசப் பரிசீலனைக் காலத்துக்குள் ரத்து செய்வதாகச் சொல்லி, கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நேரே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமா? சட்டம் கேட்பதில்லை. இதுவே இவ்விஷயத்தில் மிகவும் கடினமான இடம் என்று நான் கருதுகிறேன். "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் பணம் வந்துவிடும்; மச்சான் முகம் கோணாது; பெருநாளன்று வழக்கம்போல் விருந்துக்குப் போகலாம். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் அடுத்த தெருவில் ஒரு விதவைத் தாயிடம் அதே ஐந்து வருஷக் கதையைச் சொல்வான். அவருக்குப் பத்திரம் படித்துச் சொல்ல மகள் இருப்பாளோ, என்னவோ. பிறருடைய குறையைப் பேசுவது ஃகீபத் என்று இங்கே ஒதுங்குவது சரியல்ல. அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதையும், ஏமாறப் போகிறவரை எச்சரிப்பதையும் ஃகீபத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள்.

அதற்காக ரத்துக் கடிதத்தையும் புகாரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ரத்துக்குக் காரணம் தேவையில்லை. ஆகவே பணத்துக்காக ஏஜண்டின் மேல் இல்லாததைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மனம் மாறியதற்காகத் திருப்புகிறவரும் திருப்பலாம். ஆனால் அவர் "ஏமாற்றினான்" என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. ஏமாற்று நடந்திருந்தால் தனிக் கடிதத்தில், அவன் சொன்ன சொல்லையும் சொன்ன நாளையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு, பத்திரத்தை அவன் முன் விரித்து, "இது என்ன தம்பி?" என்று ஒரு தரம் கேட்டுவிடுவது முறை. அவனுக்கே விளங்காமல் விற்றிருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பேச்சுக்காக ரத்துக் கடிதத்தை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க வேண்டாம்.

பதினைந்து நாள் கடந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. முதலில் கம்பெனியிடம் முறையிட்டு, பதில் திருப்தியில்லையேல், 2025 ஜனவரி முதல் நடந்துவரும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். ஆனால் அங்கே கதை வேறு. ஏமாற்றியதை நிரூபிக்க வேண்டும். "விளங்கிக்கொண்டேன்" என்று பாரத்தில் போட்ட கையெழுத்து எதிரே நிற்கும். ஏஜண்டு காகிதத்தில் கிறுக்கிக் காட்டிய கணக்கு, கைப்பேசியில் அனுப்பிய செய்தி இவைதாம் துணை. அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய பாலிசியை முறித்துவிட்டுப் புதியதை எடுத்தவருக்கு இந்த உரிமை பாதிதான் உதவும். புதியதற்குக் கட்டிய பணம் திரும்பும். முறித்த பழையது தானாகத் திரும்பாது. இடையில் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ வந்திருந்தால் இன்னொன்று கிடைப்பதும் கடினம்.

கடைசியாக நம் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது. இந்தப் பதினைந்து நாள் உரிமையைக் கேட்டுப் போகிற நம்மில் பலருடைய கடைகளில் 'விற்ற சரக்கு வாபஸ் இல்லை' என்று பலகை தொங்குகிறது. நல்ல சரக்கை மனம் மாறித் திருப்ப வருகிறவருக்கு அந்தப் பலகையைக் காட்டலாம். சாயம் போகும் என்று தெரிந்தே விற்ற சேலையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கும்போது, கடைப் பையன் "போகாது" என்று சொல்லித்தான் விற்றான் என்று அவள் சொல்லும்போது, முதலாளி அந்தப் பலகையைக் காட்ட முடியுமா? பையன் சொன்னது எனக்குத் தெரியாது என்கிற பதிலை, இன்ஷூரன்ஸ் கம்பெனி நம்மிடம் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?