தள்ளிப்போட்ட அந்த ஒரு காரியம்

ராத்திரி படுக்கைக்குப் போகுமுன் ஒரு சின்ன நோட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற பழக்கம் எனக்குச் சில வருஷங்களாக உண்டு. இன்று நான் எந்த ஒரு காரியத்தைத் தவிர்த்தேன்? அதற்கு நாளை எடுக்கக்கூடிய மிகச் சிறிய முதல் அடி எது? இவ்வளவுதான். கேட்க லேசாய் இருக்கும். உண்மையாய்ப் பதில் எழுதிப் பாருங்கள், பேனா நின்றுவிடும்.

செய்யவேண்டியது என்று நன்றாய்த் தெரிந்தும் ஒரு மனுஷன் அதை ஏன் செய்வதில்லை? இது பழைய கேள்வி. நல்லது இன்னதென்று மெய்யாகவே அறிந்தவன் அதற்கு விரோதமாய்ச் செய்யமாட்டான், செய்கிறவனுக்கு அறிவில்தான் குறை என்று கிரேக்க ஞானி சாக்ரடீஸ் வாதாடினார். அப்படியல்ல, அறிந்தும் தவறுகிறவன் உண்டு என்று பின்வந்த அரிஸ்டாட்டில் சொன்னார். என் அனுபவம் அரிஸ்டாட்டில் பக்கம். ஆனால் நாம் பொதுவாக இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோமே, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தவிர்க்கிற அன்றைக்குத்தான் நாம் வீடு முழுவதையும் கழுவுவோம், பழைய பீரோவை ஒழுங்குபண்ணுவோம். சோம்பேறிக்கு இவ்வளவு வேலை ஓடுமா? அங்கே இருப்பது பயம்.

பயந்த காரியத்தை விட்டு விலகினவுடனே நெஞ்சில் ஒரு லேசு உண்டாகும். அந்த லேசுதான் கண்ணி. அது ஒரு கூலியைப்போல வேலை செய்து, அடுத்தமுறையும் விலகு என்று நமக்குப் பழக்கிக் கொடுக்கிறது. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் மௌரர் 1947-ல் இதை விளக்கி எழுதினார். ஆகையால் நாள் போகப் போகக் காரியம் எளிதாகாது. நம் மனசுக்குள் அதன் உருவம் பெரிதாகும்.

ஒரு சகோதரியின் காரியத்தைச் சொல்லுகிறேன், அவர்கள் அனுமதியோடு. மகனுடைய காலேஜ் பீஸுக்காக மூன்று பவுன் செயினை 2018-ல் பேங்கில் வைத்து 45,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். ஒரு வருஷத்தவணை, வட்டி நூற்றுக்கு ஒன்பது. தவணை தாண்டி இரண்டு மாசம் ஆனபோது பதிவுத் தபாலில் ஒரு கவர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினவர்கள் பிரிக்கவில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதற்குப்பிறகு அந்தப் பீரோவையே திறக்கிறதில்லை, கொடியில் காயப்போட்ட சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு கேள்வியைக் கேட்டபோது முதலில் அவர்கள் சொன்ன பதில், “கடன், பாஸ்டர்.” கடன் என்பது ஒரு காரியமல்ல, அது ஒரு மலை. கையால் தொடக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் கழித்து, “கவர்” என்றார்கள். சரி, கவரைப் பிரிப்பீர்களா? “முடியாது பாஸ்டர், நினைச்சாலே படபடங்குது.” அப்படியானால் பிரிப்பதும் பெரிய அடிதான். கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்டது இது: நாளைக் காலையில் காப்பி போட்டு இறக்கினவுடனே கவரை எடுத்துவந்து டம்ளர் பக்கத்தில் வைப்பது. பிரிக்கவேண்டியதில்லை.

“காப்பி இறக்கினவுடனே” என்று நேரத்தையும் இடத்தையும் கட்டினதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் கோல்விட்சர் என்ற பேராசிரியர் மாணவர்களிடம், கிறிஸ்மஸுக்கு முந்தின இராத்திரியை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளைக்குள் எழுதி அனுப்பச் சொன்னார். இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்னமே குறித்துவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அனுப்பினார்கள். அனுப்புகிறேன் என்று மட்டும் எண்ணியிருந்தவர்களில் அனுப்பினது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த ஆராய்ச்சி 1997-ல் வெளிவந்தது.

சகோதரி முதல் நாள் கவரை வைத்தார்கள். இரண்டாம் நாளும் வைத்து அப்படியே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பிரித்து, தேதியை மட்டும் பார்த்தார்கள். ஏலத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது! செயின் போயே போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தவர்கள். பதினாலு மாச வட்டி 4,725 ரூபாய், அதோடு நோட்டீஸ் செலவு. வட்டியைக் கட்டி நகையை மாற்றிவைக்க எல்லா பேங்கிலும் விடுவார்கள் என்று எண்ணவேண்டாம். அந்தந்த இடத்து விதியைக் கேட்கவேண்டும். இவர்களுக்கு விட்டார்கள். மகளிர் குழுவில் கொஞ்சம், தங்கையிடம் கொஞ்சம் வாங்கி, எட்டாம் நாள் கட்டிவிட்டார்கள்.

ஆனால் எல்லாச் சிறிய அடியும் மெய்யான அடியல்ல. அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தில் பேலிக்ஸைப் பாருங்கள். பவுல் பேசக் கேட்டுப் பயந்து, சமயம் வாய்க்கும்போது கூப்பிடுவேன் என்று அனுப்பிவிட்டான். அதற்குப்பின் பவுலை அடிக்கடி கூப்பிட்டும் பேசினான், ஆனால் பணம் வருமா என்று பார்த்துக்கொண்டு! வெளியே பார்த்தால் கிட்டிக் கிட்டி வருகிறவனைப்போல் இருக்கிறது. இரண்டு வருஷம் போனது. பெஸ்து அந்த இடத்துக்கு வந்தபோதும் பவுல் கட்டப்பட்டவராகவே இருந்தார்.

கவரைப் பற்றி யாரிடமாவது புலம்புவது, நல்ல பேனா வாங்குவது, பட்டியல் போடுவது, எல்லாம் இந்த ரகம். அடி மெய்யானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை முடித்தபின் என் மனசுக்கு வெளியே ஏதாவது இடம் மாறியிருக்கவேண்டும். கவர் பீரோவிலிருந்து மேசைக்கு வந்தது, அது மெய். ஒரே பதில் ஒரு வாரமாய் நோட்டில் வந்துகொண்டிருந்தால், ஒன்று அடி பெரிது, அல்லது நான் எழுதினது நான் பயப்படுகிற காரியமே அல்ல.

இன்னொன்று. தவிர்ப்பதெல்லாம் தப்பு என்று நினைத்துவிடாதேயுங்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போகாமல் தாய்வீட்டில் இருக்கிற மகளிடம் இந்தக் கேள்வியைச் சாட்டையாக எடுக்காதேயுங்கள். அவள் விலகினது ஞானம். அதேபோல, குளிக்கவும் சாப்பிடவும்கூட மனசில்லாமல் வாரக்கணக்காய்க் கிடக்கிறவர்களுக்கு நோட்டுப் போதாது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் எழுதுகிற என் நோட்டையும் சொல்லவேண்டுமே. ஒரு கமிட்டியில் எல்லார் முன்பாகவும் ஒரு சகோதரனைக் கணக்கு விஷயத்தில் கடிந்து பேசிவிட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, தப்பு என்னுடையது. அன்றிலிருந்து அவருடைய கடை இருக்கிற பக்கம் நான் நடக்கிறதில்லை. ஒன்பது நாள் நோட்டில் அவர் பெயரே இருந்தது. முதல் அடி என்ற இடத்தில் ஒன்பது நாளும் “அவருக்காக ஜெபிப்பேன்” என்று எழுதியிருந்தேன். ஜெபித்தேன், பொய்யில்லை. ஆனால் நான் எதற்கு ஒளிந்துகொள்ள அதைத் திரையாக்கினேன் என்று என் நோட்டே என்னைக் கேட்டது. வெளியே ஒன்றும் இடம் மாறவில்லையே!

பத்தாம் நாள் எழுதினேன்: “பால் வாங்கித் திரும்பும்போது அந்தப் பக்கத்து ஓரமாய் நடப்பேன்.” பேசவேண்டும் என்றுகூட எழுதவில்லை. மறுநாள் நடந்தேன். கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது. அவர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “என்ன பாஸ்டர், இந்தப் பக்கம் ஆளையே காணோம்?” என்றார். நான் பால் பையைக் கீழே வைத்தேன்.