ஆஃப் பண்ணியாச்சு

ஒருவர் சொன்னதை அவர் கண் முன்னாலேயே சோதித்துப் பார்ப்பது அவமரியாதையா? வீட்டில், நட்பில், ஆமாம் என்றுதான் சொல்வோம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வேலை பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுத்தர வேண்டியிருப்பதே இந்த அவமரியாதையைத்தான்.

அன்றைக்கு வேலை சின்னது. நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் சேர்க்கும் பிளான்ட்டில் ஒரு ஃபேன், ஒரு பம்ப். இரண்டுக்கும் தனித்தனிப் பேனல். பம்ப் பேனலில் காயில் கருகிய கான்டாக்டரை மாற்ற வேண்டும். மெயின் பேனலில் அதற்குரிய பிரேக்கரை ஆஃப் செய்து என் பூட்டைப் போட்டேன். “உன் பூட்டையும் போடு” என்றேன்.

“நீங்கதான் போட்டுட்டீங்களேங்ணா?”

“நான் வேலை முடிஞ்சதுன்னு நெனச்சு என் பூட்டைக் கழட்டிட்டா? உன் கை உள்ள இருக்கறப்ப சாவி உன் பாக்கெட்டுலதான் இருக்கணும்.”

போட்டான். திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான். சத்தமே இல்லை. “செத்துருச்சுங்ணா” என்றான். கருகிய காயில், கரண்ட் இருந்தாலும் இழுத்திருக்காது. அந்த மௌனம் எதற்கும் சாட்சி இல்லை.

மீட்டரும் அப்படித்தான். பூஜ்யம் காட்டினால் கரண்ட் இல்லை என்று இருக்கலாம். வயர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது செலக்டரைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டோம் என்றும் இருக்கலாம். அதனால் முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து சாக்கெட்டில் வைத்தான்: 230. பிறகு பேனலில். மூன்று ஃபேஸையும் ஒன்றோடு ஒன்று, பிறகு ஒவ்வொன்றையும் நியூட்ரலோடு, எர்த்தோடு, கடைசியாக நியூட்ரலை எர்த்தோடு. பத்து அளவு, பத்தும் பூஜ்யம். மறுபடி சாக்கெட்டில் வைக்கச் சொன்னேன்.

“அதான் மொதல்லயே பாத்தமேங்ணா?”

“நடுவுல மீட்டர் செத்திருந்தா?”

230 காட்டியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். “நீ பாத்தது மேல, கேபிள் வர்ற எடம். கை போகப்போறது எங்க?” என்றேன். கீழே டெர்மினல் வரிசை. கையுறையைக் கழற்றாமல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தான். ஓரத்தில் ஒரு டெர்மினலில் மீட்டர் 228 என்றது.

பையன் என்னைத்தான் பார்த்தான், பேனலை அல்ல. “ஆஃப் பண்ணீங்களேங்ணா?”

நான் அவனுக்குப் பாடம் வைக்கவில்லை. அந்த வயர் எனக்கே தெரியாது. ஃபேன் ஓடாதபோது பம்ப் ஓடக்கூடாது என்று, வேறு ஷிஃப்டில் யாரோ ஃபேன் பேனலிலிருந்து கன்ட்ரோல் சப்ளையை இழுத்திருக்கிறார்கள். டிராயிங்கில் ஏற்றவில்லை. நான் பூட்டிய பிரேக்கருக்கும் அந்த வயருக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த டெர்மினலில் விரல் பட்டிருந்தால், நான் பொய் சொல்லாமலேயே அவனைக் கொன்றிருப்பேன்.

“ஆஃப் பண்ணியாச்சு” என்பது என்னைப் பற்றிய வாக்கியம். நான் ஒரு காரியத்தைச் செய்தேன், அவ்வளவுதான். “கரண்ட் இல்லை” என்பது பேனலைப் பற்றியது. முதலாவதை நம்பலாம், நான் யோக்கியன். ஆனால் என் யோக்கியதை அந்த டெர்மினல் வரைக்கும் எட்டாது. நாம் பெரும்பாலும் முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சொன்னவர் மீது மரியாதை கூடக் கூட அந்தத் தவறு சுலபமாகிறது.

அப்படியென்றால் சோதிப்பவன் என்னைச் சந்தேகிக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்பதைத்தான் சந்தேகிக்கிறான். அதில் அவமானப்பட என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுவிடலாம்.

சூப்பர்வைசரிடம் சொல்லி ஃபேனை நிறுத்தினோம். அந்தப் பேனலின் பிரேக்கரையும் பூட்டினோம். மறுபடி சாக்கெட், பேனல், சாக்கெட் என்று தொடக்கத்திலிருந்து. கான்டாக்டரை மாற்ற இருபது நிமிஷம். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம்.

அடுத்த வாரம் வேறொரு பேனலில் அவன் பூட்டுப் போட்டு, அளந்து, வேலையில் இருந்தான். ஒரு வயர் லூஸாகத் தெரிய, முறுக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவன் குறுக்கே கையை வைத்தான். “உங்க பூட்டு எங்கங்ணா?”

சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பையனுக்குப் பத்தொன்பது வயசு. ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் வாயைத் திறப்பதில்லை.

போய் என் பூட்டைப் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் மீட்டரை என் கையில் கொடுத்தான்.