சொன்னவர் யார்?

பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு விதிமுறை எழுதுவது ஐந்து நிமிட வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ‘குட் மார்னிங் வேண்டாம், அரசியல் வேண்டாம், ஃபார்வர்டு வேண்டாம்’ என்று மூன்று வரி எழுதி மேலே பின் செய்துவிட்டால் போதும் என்பது நம்பிக்கை. அப்படி எழுதி வைத்திருக்கும் குழுக்கள் சிலவற்றில் நானும் உறுப்பினர். மூன்றும் அங்கே தவறாமல் வருகின்றன. ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லும் விதியை யாரும் தனக்கானதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தவர் போடுவதுதான் ஃபார்வர்டு, தான் போடுவது தகவல். ஆகவே, ஆறாம் வகுப்புப் பெற்றோர் குழுவின் அட்மின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எதைப் போடக்கூடாது என்று பட்டியலிடுவதை விட்டுவிட்டு, போடுகிறவர் எதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன்.

முதலில் யார் போடலாம் என்ற கேள்வி. இதற்கு வாட்ஸ்அப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. 2018-இல் வந்த அமைப்பு அது: அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம், மற்றவர்கள் படிக்கலாம். நிறையப் பள்ளிக் குழுக்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குழு அமைதியாகிவிடும், உண்மைதான். ஆனால் ‘நாளைக்கு யூனிஃபார்மா, கலர் டிரெஸ்ஸா?’ என்ற ஒரே கேள்வி முப்பது பேரிடமிருந்து அட்மினின் தனிப்பெட்டிக்கு வந்து சேரும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. மாலையில் வேன் பழுதாகி வழியில் நின்றால், அதைக் கண்ணால் பார்த்த பெற்றோரால் மற்றவர்களுக்குச் சொல்ல முடியாது. அட்மின் அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். நாலு வீட்டு அம்மாக்கள் தெருமுனையில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாயைப் பூட்டினால் வதந்தி மட்டுமல்ல, தேவையான சேதியும் வெளியில் நின்றுவிடுகிறது.

அதனால் இரண்டாகப் பிரித்தோம். பள்ளிச் சுற்றறிக்கை, தேர்வு அட்டவணை, கட்டணத் தேதி இவற்றுக்கு ஒரு அறிவிப்புக் குழு. அங்கே அட்மின்கள் மட்டும்தான் போடுவோம். மற்றதற்கு ஒரு பேச்சுக் குழு, எல்லோருக்கும் திறந்தது. வீட்டுப்பாடம் என்ன என்று கேட்கலாம், தொலைந்த டிபன் பாக்ஸின் படத்தைப் போடலாம், பழைய பாடப்புத்தகம் வேண்டுமா என்று விசாரிக்கலாம். அறிவிப்பைத் தேட மேலே மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியதில்லை என்பதே முதல் லாபம்.

குழுவில் யார் இருப்பது என்பதிலும் ஒரு முடிவு தேவைப்பட்டது. ஒரு பிள்ளைக்கு இரண்டு எண்கள். அவை அப்பா, அம்மாவின் எண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தினமும் வாசலில் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிற பாட்டிக்குத்தான் பள்ளி சீக்கிரம் விடும் செய்தி முதலில் போக வேண்டும். வகுப்பாசிரியரைச் சேர்க்கவில்லை. அவர் இருந்தால் பெற்றோர் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அவருக்கும் இரவு பத்து மணிக்குக் கணக்குச் சந்தேகம் வரும். அவர் இல்லாத இடம் என்பதால் அவரைப் பற்றிப் புறம்பேசும் இடமாக அது மாறிவிடவும் கூடாது. ஆகவே, ஆசிரியரைப் பற்றியோ இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ பெயர் சொல்லிப் புகார் போடுவதில்லை. அதற்குப் பள்ளி அலுவலகம் இருக்கிறது. குழுவில் எல்லோருடைய கைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணை எடுத்து டியூஷன், இன்ஷூரன்ஸ், புடவை வியாபாரம் என்று தனிச்செய்தி அனுப்புகிறவரை எச்சரிக்கை இல்லாமல் நீக்குவோம். எச்சரிக்கையே இல்லாமல் நீக்குவது இந்த ஒன்றுக்குத்தான்.

இனி ஃபார்வர்டு. இதைப் பற்றிச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தும் அட்மின்கள் உண்டு: ‘யார் எதைப் போட்டாலும் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும்.’ நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை. அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக, வேறொருவர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன. எனவே என் தலை தப்புவதற்காக இந்த விதி என்று சொல்ல எனக்கு வழியில்லை. வேறு நியாயம் இருந்தால்தான் விதி நிற்கும்.

அந்த நியாயம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நாட்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் கிராமத்தார் சூழ்ந்து அடித்தார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டி அதில் இறந்துபோனார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள். பெற்றோர் குழுவில் ஃபார்வர்டு வேகமாக ஓடுவதற்குக் காரணமே அந்த அக்கறைதான்: ‘பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, ஜாக்கிரதையாக இருக்கட்டும்.’ இந்த ‘பரவாயில்லை’க்கு விலை கொடுப்பவர் அனுப்பியவர் அல்ல.

அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப் நிறுவனம் ‘ஃபார்வர்டு’ என்ற அடையாளத்தையும், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாத வரம்பையும் கொண்டுவந்தது. பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். எங்கள் விதியும் இங்கிருந்து தொடங்குகிறது: இரட்டை அம்புக்குறி உள்ள எதுவும் குழுவுக்குள் வரக்கூடாது. அது பொய் என்பதால் அல்ல. அதை முதலில் சொன்னவரைக் கண்டுபிடிக்க நம்மில் யாராலும் முடியாது என்பதால்.

ஆனால் அம்புக்குறி இல்லை என்றால் நம்பலாமா? இங்கேதான் மழைக்கால இரவு ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். மாவட்டத்துக்கு மாவட்டம் அறிவிப்பு வேறு. சில நாள் பள்ளிகளுக்கு மட்டும், சில நாள் கல்லூரிகளுக்கும் சேர்த்து, சில நாள் குறிப்பிட்ட தாலுகாக்களுக்கு மட்டும். முதல் நாள் இரவிலும் வரும், விடிந்த பிறகும் வரும். எங்கள் பள்ளி இருப்பது பல்லாவரம் பக்கம், செங்கல்பட்டு மாவட்டம். பிள்ளைகளில் பலர் வருவது ஆலந்தூர், ஆதம்பாக்கத்திலிருந்து. அது சென்னை மாவட்டம். ஒரே ஜி.எஸ்.டி. சாலை, ஒரே மழை, ஆனால் ஆட்சியர் வேறு. பெற்றோர் பார்க்க வேண்டியது வீடு எந்த மாவட்டம் என்பதை அல்ல, பள்ளி எந்த மாவட்டம் என்பதை.

அன்றிரவு குழுவில் ஒரு தொலைக்காட்சிச் செய்தி அட்டை விழுந்தது. ‘கனமழை: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை.’ அம்புக்குறி இல்லை. ஏனென்றால் அது ஸ்கிரீன்ஷாட். திரையைப் படம்பிடித்துப் புதிதாக அனுப்பினால் பழைய தடயம் எல்லாம் போய்விடும். ஒரு நிமிடத்தில் நன்றிக் கும்பிடுகள் வரிசையாக வந்தன. ஓர் அம்மா தன் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டதாகவும் எழுதினார். அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேதி இல்லை. ‘நாளை’ என்பது எந்த நாளுக்கும் பொருந்தும். எந்த மாவட்டம் என்ற வரி ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஆட்சியரின் பெயர் மட்டும் தப்பியிருந்தது. அவர் மாறுதலாகிப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது போன வருட மழை. ஆட்சியரின் அதிகாரபூர்வ எக்ஸ் பக்கத்தில் அந்த நேரம்வரை எதுவும் இல்லை.

அதன் பிறகு எழுதியதுதான் எங்கள் முதன்மையான விதி. எதையும் அப்படியே தள்ளிவிடாதீர்கள். உங்கள் விரலால் தட்டச்சு செய்யுங்கள். என்ன செய்தி, எந்தத் தேதி, எந்த மாவட்டம், நீங்கள் எங்கே பார்த்தீர்கள். ‘செங்கல்பட்டு ஆட்சியர் பக்கத்தில் இப்போது பார்த்தேன், நாளை பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை’ என்று ஒருவர் எழுதினால், அந்த வாக்கியத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார். தட்டச்சு செய்ய உட்காரும்போதுதான் பாதிப் பேருக்கு ‘தேதி எங்கே?’ என்ற சந்தேகமே வருகிறது. ‘அவசரமாக ரத்தம் தேவை’ என்ற செய்திக்கும் இதே வழி: முதலில் அந்த எண்ணுக்கு நீங்கள் பேசுங்கள், பேசியபின் பேசினேன் என்று எழுதுங்கள். காணாமல் போன குழந்தை வீடு திரும்பிய பிறகும் அதன் படம் வருடக்கணக்காகச் சுற்றுவதுண்டு. அதற்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மீறினால் என்ன செய்வது? 2022 முதல் அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருடைய திரையிலிருந்தும் அழிக்க முடியும். ஆனால் அழித்தவர் அட்மின் என்ற குறிப்பு அங்கே நிற்கும். நாலு பேர் பார்க்க ஒருவர் தலையில் குட்டியது போல் ஆகிவிடும். அதனால் அழிப்பதற்கு முன் பேசிவிடுகிறேன். ஒரு பையனின் தாத்தா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருத்துவக் குறிப்புகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நல்ல விஷயம்தானே போட்டேன்?” என்றார் போனில்.

“நல்ல விஷயம்தான் ஐயா. ஆனா யாராவது, இதைச் சாப்பிட்டா காய்ச்சல் போயிடுமான்னு உங்ககிட்ட கேட்டா, நீங்க ஆமான்னு சொல்வீங்களா?”

“நான் எப்படிம்மா சொல்ல முடியும்? நான் டாக்டரா?”

பேச்சு அங்கேயே முடிந்தது. மறுநாளிலிருந்து அவர் சின்ன வகுப்பில் தானே கற்றுக்கொடுத்த வாய்ப்பாட்டு உத்திகளை எழுத ஆரம்பித்தார். அது அவருக்குத் தெரிந்தது.

இந்த விதிகள் எனக்கும் பொருந்தும். அட்மினை யாரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை; குழுவைத் தொடங்கியவர் யாரோ அவரே நாட்டாமை. அதனால் அட்மின்கள் மூவர், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மாற்றம், அட்மின் போடும் ஃபார்வர்டை மற்ற அட்மின்கள் அழிக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

இதில் நட்டமும் உண்டு. பக்கத்துப் பிரிவுக் குழுவில் விடுமுறைச் செய்தி எங்களுக்கு அரை மணி முன்னதாக வந்துவிடுகிறது. ‘நம்ம குரூப்தான் எப்பவும் லேட்’ என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழுவில் அதே இரவில் மூன்று விதமான செய்திகள் வருவதையும் அவர்கள்தான் சொல்கிறார்கள். மழை இரவுகளில் இப்போது நாங்கள் ஒன்பது மணிக்கு அறிவிப்புக் குழுவில் ஒரு வரி போடுகிறோம்: ‘செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதுவரை அறிவிப்பு இல்லை. பையை எடுத்து வையுங்கள், காலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்துச் சொல்கிறோம்.’ இல்லை என்பதையும் ஒருவர் தன் பெயரில் சொல்லிவிட்டால், பாதிப் பேர் அந்த இரவில் வேறு குழுக்களில் போய்த் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.