விடியற்காலைச் சிறுநீர்

கர்ப்பப் பரிசோதனை அட்டையின் குழியில் மூன்று சொட்டு விட்டதும் ஈரம் வெள்ளைப் பட்டையில் இளஞ்சிவப்பாக ஊர்ந்து ஏறுகிறது. முதலில் ‘டி’ என்று அச்சிட்ட இடம், அதைத் தாண்டி ‘சி’. சி கோடு எப்படியும் வந்துவிடும். டி கோட்டுக்கு எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் போதுமான அளவு இருக்க வேண்டும். கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் அது சுரக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் ஏறத்தாழ 2 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நாள் தள்ளிப்போன புதிதில் அது சொற்பம்தான். பல அட்டைகளுக்கு ஒரு மில்லி லிட்டரில் 25 மில்லி யூனிட்டாவது வேண்டும்.

இரவு முழுக்க நாம் தண்ணீர் குடிப்பதில்லை. அப்போது வாசோபிரெசின் என்ற ஹார்மோனின் பேச்சைக் கேட்டு, சிறுநீரகம் தண்ணீரை உடம்புக்கே திருப்பி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் காலைச் சிறுநீர் மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது. சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்பதால் அது அடர்வதில்லை. சிறுநீரகத்தை விட்டு இறங்கும்போதே அடர்ந்துதான் இறங்குகிறது. ஆகவே நடுராத்திரியில் ஒருமுறை எழுந்து போனவர் பயப்பட வேண்டாம். எழுந்தவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்திருந்தால்தான் சங்கடம்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். மாலையில் மெடிக்கலில் அட்டை வாங்கி வருகிறாள். பதற்றத்தில் சிறுநீர் வரவில்லை. வரட்டும் என்று ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறாள். இரவில் அவளுக்கு மணிக்கு 50 மில்லி சிறுநீர் சேர்ந்து, மில்லிக்கு 40 மில்லி யூனிட் எச்.சி.ஜி. இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மணிக்கு 500 மில்லி இறங்குகிறது. வெளியேறும் ஹார்மோன் அதே அளவு. அது பத்து மடங்கு தண்ணீரில் பரவி 4 மில்லி யூனிட்டாகிவிடுகிறது. டி வெறுமையாக நிற்கிறது. 6 நாள் கழித்தென்றால் 40 என்பது 320 ஆகியிருக்கும். அதே நீர்த்த சிறுநீரிலும் 32 இருக்கும், கோடு விழும். காலை, மாலை என்ற பேதம் அந்த முதல் வாரத்துக்குத்தான்.

என்னை உறுத்துவது சி கோடுதான். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருந்தாலும் அது வந்துவிடும். சொட்டு சரியாக ஏறியதற்கு மட்டுமே அது சாட்சி. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் ‘இல்லை’ என்று முடிவுகட்டி அட்டையைக் குப்பையில் போடுகிறார்கள்! கிண்ணத்தில் இருப்பது பச்சைத் தண்ணீர் போலத் தெரிந்தால், அந்த ‘இல்லை’யை இன்னும் தெரியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2 நாள் விட்டு, காலையில், புது அட்டையில் பார்க்கலாம். இரவு ஷிப்டு போகிறவருக்கு, நீண்ட தூக்கத்துக்குப் பின் வரும் முதல் சிறுநீரே காலைச் சிறுநீர். பகலில்தான் முடியுமென்றால், சுமார் 4 மணி நேரம் அதிகம் குடிக்காமல் இருந்து பார்க்கலாம்.

நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒருபக்கமாக வலியோ ரத்தக் கசிவோ இருந்தால் மறுநாள் காலைக்குக் காத்திருக்கக் கூடாது. கரு குழாயில் தங்கியிருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். அங்கே எடுக்கும் ரத்தப் பரிசோதனையை, குடித்த தண்ணீர் குழப்பாது.