"உதவி வேணுமா?" என்று கேட்பது சரியா?

பொறியியல் படிக்கிறவனுக்கு மொழியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு நாலு மொழி காதில் விழும் ஊரில் வாழ்கிறோம். ஒருவர் கனமான பையோடு நிற்கிறார், நாம் உதவப் போகிறோம். அப்போது வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு தர்மக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதலில் தமிழையே எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீட்டின் கீழே, பாசாரிலிருந்து வந்த ஓர் ஆண்ட்டி இரண்டு கையிலும் பையோடு நிற்கிறார். நாம் மூன்று விதமாகப் பேசலாம்.

"உதவி வேணுமா ஆண்ட்டி?"

"நான் தூக்கட்டுமா ஆண்ட்டி?"

"குடுங்க ஆண்ட்டி, லிப்ட் வரைக்கும் நான் எடுத்துட்டு வரேன்."

மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். பதிலைப் பாருங்கள். முதல் கேள்விக்கு, பை எவ்வளவு கனமாக இருந்தாலும், "இல்லப்பா, பரவாயில்ல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மூன்றாவதற்கு ஆண்ட்டி ஒரு வினாடி யோசித்துவிட்டு, முட்டை இல்லாத பையாகப் பார்த்து நம் கையில் கொடுப்பார்.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் கேள்வி ஆண்ட்டியைப் பற்றியது. அதற்கு "ஆமா" என்றால், "எனக்கு முடியல, எனக்கு உதவி தேவை" என்று அவர் தன் வாயால் சொன்னதாக ஆகிவிடும். இரண்டாவது அவருடைய அனுமதியைக் கேட்கிறது. மூன்றாவது என்னைப் பற்றியது: நான் என்ன செய்யப்போகிறேன், எதுவரை செய்யப்போகிறேன். ஆண்ட்டி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். "லிப்ட் வரைக்கும்" என்ற எல்லையும் முக்கியம். அது இல்லையென்றால், "இவன் வீட்டு வாசல் வரைக்கும் வருவானோ, உள்ளே கூப்பிட்டுத் தண்ணி குடுக்கணுமோ" என்று அவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்.

மற்ற மொழிகளிலும் இதே படிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் "நீட் எ ஹேண்ட்?" என்பது நம் முதல் வகை, கேட்பவரின் தேவையைப் பற்றிய கேள்வி. ஆனால் "டூ யூ" என்ற முன்பகுதியை விழுங்கிவிட்டு, "ஹெல்ப்" என்ற பெரிய சொல்லுக்குப் பதில் "ஒரு கை" என்று சின்னதாக்கிவிடுகிறார்கள். கேள்வி சின்னதானால் ஒப்புக்கொள்வதும் சின்னதாகிறது. "கேன் ஐ கெட் தட் ஃபார் யூ?" என்பது இரண்டாம் வகை. அதில் உங்கள் தேவை பேச்சிலேயே இல்லை, "நான் எடுக்கலாமா" என்பதுதான் கேள்வி.

நம்மிடமும் கை உண்டு. ஆனால் அது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அன்னதான அண்டாவை இறக்கும்போது, "தம்பி, ஒரு கை பிடிப்பா" என்பார்கள். அதைச் சொல்வது உதவி தேவைப்படுகிறவர். உதவ வருகிறவர் "கை வேணுமா" என்று கேட்பதில்லை, "விடுங்க, நான் பிடிக்கிறேன்" என்கிறார்.

மலாயில் "தொலோங்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆபத்தில் கத்துகிறவரும் "தொலோங்!" என்றுதான் கத்துகிறார். கதவைத் திறக்கச் சொல்லும்போதும் "தொலோங் புக்கா பிந்து" என்கிறோம். அங்கே அதற்கு "தயவுசெய்து" என்று பொருள். ஆனால் விருந்தாளியை உட்காரச் சொல்லும்போது "தொலோங்" வராது, "சிலா டுடோக்" என்போம். செயலால் எனக்கு நன்மை என்றால் "தொலோங்", உங்களுக்கு நன்மை என்றால் "சிலா". யாருக்கு யார் கடன்படுகிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. "போலே சாயா தொலோங்?" என்று கேட்டால் அந்தக் கனமான சொல் நடுவில் வந்து நிற்கிறது. "மாரி, சாயா அங்காட்" என்றால், அதாவது "வாங்க, நான் தூக்குறேன்" என்றால், அந்தச் சொல் தேவையே இல்லாமல் போகிறது.

சீன நண்பர்கள் இதை இரண்டே அசையில் முடித்துவிடுகிறார்கள். "வோ லாய்." சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நான் வருகிறேன்", பொருள் "விடு, நான் செய்றேன்." உதவி என்ற சொல்லும் இல்லை, கேள்வியும் இல்லை.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் உண்டு. பெனலோபி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் பணிவான பேச்சைப் பற்றி 1978-இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். 1987-இல் அது தனி நூலாக வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று முக்கிய மொழிகளில் ஒன்று தமிழ், அதுவும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ். அவர்கள் சொல்வதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று. கட்டளையும் மிரட்டலும் கேட்பவரை நெருக்குவது எல்லோருக்கும் தெரியும். "நான் செய்து தருகிறேன்" என்று முன்வருவதையும் அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். காரணம், கேட்பவர் ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய கட்டாயம் வருகிறது, ஏற்றால் கடன் ஏறுகிறது. உதவியும் ஒரு நெருக்கடிதான்.

அப்படியென்றால் "உதவி வேணுமா" என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு எப்போதும் "குடுங்க" என்று கை நீட்டிவிடலாமா? இங்கேதான் நான் நிற்கிறேன். ஏனென்றால் "குடுங்க" தவறிப்போகும் இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸை நமக்கெல்லாம் தெரியும். தீபாவளி நேரத்தில் துணி வாங்கப் போகிற இடம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும் அங்கேதான். அதனால் வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவர்களை அந்தத் தெருக்களில் அடிக்கடி பார்க்கலாம். நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதும் அவர்களுக்காகத்தான்.

ஜாலான் துன் சம்பந்தன் ஓரத்தில் ஒரு பார்வையற்ற அண்ணன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனசுக்காரர் ஒருவர் வந்து, "வாங்கண்ணே" என்று அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். என்னென்ன தவறாகலாம்? முதலாவது, அவர் ரோட்டைக் கடக்க நிற்கிறார் என்று யார் சொன்னது? கூப்பிட்ட காருக்காகக் காத்திருக்கலாம். இரண்டாவது, பிடித்த கை தடி பிடித்திருக்கும் கையாக இருந்தால், தரை எங்கே முடிகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வழியை அடைத்துவிட்டோம். மூன்றாவது, இழுத்தோ தள்ளியோ கொண்டுபோனால் அவர் உடம்பு நம் கட்டுப்பாட்டில் போகிறது. படி வந்தால் அவருக்கு முன்கூட்டித் தெரியாது.

சரியான முறை இதற்கு நேர்மாறானது. முதலில் குரல் கொடுக்க வேண்டும். "அண்ணே, நான் ரோட்டைக் கடக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களா?" வருகிறேன் என்றால், நம் புறங்கையை அவர் கையில் லேசாகத் தொட வைக்கலாம். அவரே நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நாம் அரை அடி முன்னால் நடக்கிறோம். நம் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பிடி வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். நடைபாதை விளிம்பில் கொஞ்சம் நின்று, "மேலே ஒரு படி" என்று சொல்கிறோம். அந்தப் பக்கம் போனதும், "இப்போ பஸ் ஸ்டாப் உங்க வலது பக்கம் இருக்கு. நான் கிளம்புறேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால், அவர் வெறும் காற்றிடம் பேசிக்கொண்டிருப்பார்.

இதில் யார் யாரைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். அவர்தான் நம்மைப் பிடிக்கிறார். விட நினைத்தால் எந்த வினாடியும் விட்டுவிடலாம். சக்கர நாற்காலிக்கும் இதே நியாயம்தான். அது அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மாதிரி. கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுவது, நடந்து போகிறவரைக் கேட்காமல் தூக்குவதற்குச் சமம்.

திருக்குறளில் நட்பு என்ற அதிகாரத்தில், ஆடை நழுவும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பதை வள்ளுவர் உவமையாகச் சொல்கிறார். கேட்காமல் உதவுவதற்கு நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் குறள் அது. ஆனால் அந்தக் கை யாருடையது? ஆடை நழுவிய அதே ஆளுடையது. ஒரே உடம்பு போல ஆனவர்களுக்குத்தான் அந்த உவமை, அதனால்தான் அது நட்பு அதிகாரத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாதவரின் உடம்பில் நம் கை அப்படிப் போக முடியாது.

ஆக, என் கணக்கு இது. பையைத் தூக்குவது, கதவைப் பிடிப்பது, தட்டை எடுப்பது போலப் பொருளைச் சார்ந்த உதவிக்கு "குடுங்க, நான் எடுக்குறேன்" நல்லது. தவறாகப் போனாலும் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடம்பைச் சார்ந்த உதவிக்குக் கேள்விதான் நல்லது. ஆனால் அந்தக் கேள்வி "உங்களுக்கு முடியலையா" என்று ஒலிக்கக் கூடாது. "நான் கடக்கப் போறேன், வர்றீங்களா" என்ற கேள்விக்கு "ஆமா" என்பதும் சுலபம், "வேணாம்பா" என்பதும் சுலபம். இரண்டு பதிலும் ஒரே அளவு சுலபமாக இருக்கிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

இந்த அளவுகோலை நாம் அதிகம் சொல்லும் இன்னொரு வாக்கியத்தின் மேல் வைத்துப் பாருங்கள். துக்க வீட்டில் எல்லாரும் சொல்வது: "ஏதாவது வேணும்னா சொல்லுங்க." மனசு நல்ல மனசுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிப்பது, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்தெடுப்பது, கூச்சத்தை விட்டு போன் எடுப்பது, மூன்று வேலையும் அழுதுகொண்டிருப்பவர் தலையில் விழுகிறது. அதனால் "வேண்டாம்" என்பது மட்டும்தான் அவருக்குச் சுலபம். அதே வீட்டில் ஒரு பையன், "அங்கிள், நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள நாற்காலியும் தண்ணி போத்தலும் நான் கொண்டு வந்துடுறேன். வேற யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டால், அந்த அங்கிள் தலையை ஆட்டினாலே போதும். அவர் ஆம் என்று ஆட்டினாலும், இல்லை என்று ஆட்டினாலும்.