84 ரப்பர் கொட்டைகள்

நடந்து முப்பது ஆண்டுகள் ஆகப்போகும் ஒரு சிறு விஷயம் இன்னும் என்னை விட்டபாடில்லை. சாஆவுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தின் சிமெண்டுத் திண்ணையில், மண்ணெண்ணெய் விளக்கல்ல, மின்விளக்கே எரிந்துகொண்டிருந்த ஓர் இரவில், பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல்களால் என் தகப்பனார் 84 ரப்பர் கொட்டைகளை, வரிசைக்குப் பன்னிரண்டாக, ஏழு வரிசைகளில் பரப்பி வைத்தார். வைத்து முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

அது 1996ஆம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் கார் வாங்கியதில்லை. அம்மாவுக்கு உடல் நலிந்து, லாபிஸைத் தாண்டி சிகாமட் ஆஸ்பத்திரிக்கு மாதந்தோறும் பஸ் மாறிப் போய்வர வேண்டியிருந்தது. நான் யோங் பெங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். புதிய கஞ்சில் கார் ஒன்றைத் தவணையில் எடுத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ரொக்கத்துக்கு ஒரு பழைய டட்சன் போதும் என்பது அவருடைய அபிப்பிராயம். அந்த டட்சனை நாங்கள் போய்ப் பார்க்கவும் செய்தோம். இஞ்சினை முடுக்கியதும் புகைக்குழாயிலிருந்து நீலப் புகை வந்தது. எண்ணெய் எரிகிறது என்றார் உடன்வந்த மெக்கானிக். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் தகடு துருவேறி, கீழே தரை தெரிந்தது. அதோடு டட்சன் பேச்சு முடிந்தது. ஆனால் எங்கள் வாக்குவாதம் முடியவில்லை.

மீண்டும் அந்தக் கொட்டைகளுக்கே வருகிறேன். ரப்பர் கொட்டை எனக்குப் புதிய பொருளல்ல. வெயில் ஏறிய பருவத்தில் காய்கள் படீரென்று வெடித்துச் சிதற, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சட்டைப்பை கிழியும் மட்டும் பொறுக்குவோம். சிமெண்டில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அவன் துள்ளுவதைக் கண்டு களிப்போம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து, எது உடையாமல் மிஞ்சுகிறதோ அதையே ஜெயித்த கொட்டை என்று பத்திரப்படுத்துவோம். என் பால்யத்தின் சந்தோஷங்களுக்கெல்லாம் சாட்சியாயிருந்த அந்தப் புள்ளியிட்ட பழுப்புக் கொட்டை, அன்றிரவு ஒவ்வொன்றும் ஒரு மாதமாகி, ஏழு வருஷங்களாகத் திண்ணையில் நீண்டு கிடந்தது. முதலில் அது எனக்கு அவமானமாகவே பட்டது. எழுதத் தெரியாத மனிதர் கணக்குப் பார்க்கும் முறை என்று எண்ணிவிட்டேன்.

கணக்கு என்னவோ என்னுடையதுதான். கடன் 20,000 வெள்ளி, வருஷத்துக்கு 4 விழுக்காடு, ஏழு வருஷம். வட்டி 5,600 வெள்ளி சேர்ந்து 25,600ஐ 84ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 305 வெள்ளி. ஆனால் இந்த வட்டி குறையும் கடனுக்குக் குறையும் வட்டியன்று. பாதிக்கு மேல் கட்டிய பிறகும் முதல்நாள் வாங்கிய 20,000க்கே போட்ட வட்டி. உண்மையில் அது 7 விழுக்காட்டையும் தாண்டும் என்பதைப் பிற்காலத்தில்தான் நான் கணக்கிட்டு அறிந்தேன். அப்பா அந்தச் சூத்திரமெல்லாம் அறியார். நான், “ஐந்து வருஷத்திலேயே மொத்தமாகக் கட்டி முடித்துவிடலாம் அப்பா, மிச்ச வட்டி கழிந்துபோகும்” என்று சொன்னபோது, மறுநாள் கார் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஐந்து வருஷத்தில் முடித்தால் எவ்வளவு கழிப்பீங்க?” கணக்குப் பார்த்து அவர் சொன்ன விடை சுமார் 470 வெள்ளி. மிச்சமிருப்பது இரண்டு வருஷம், ஆகவே 1,600 வெள்ளி கழியும் என்று நான் எண்ணியிருந்தேன். வட்டியின் பெரும்பகுதியை முதல் வருஷங்களின் கணக்கிலேயே ஏற்றிவிடும் முறை அது. திண்ணைக்குத் திரும்பியதும் அப்பா கடைசி இரண்டு வரிசைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, “இதுக்கு இவ்வளவுதான்” என்றார்.

அவருடைய பயத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், அறிவிப்புக் கொடுத்துக் காரை எடுத்துக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. இதை அவர் எங்கோ கேட்டறிந்திருந்தார். மரம் வெட்டுகிறவனுக்கு இரண்டு மாதம் என்பது வெறும் எண்ணன்று. ஆண்டுக் கடைசியில் மழை விடாமல் பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை, பிறகு இலையுதிர்வில் பாலும் வற்றும். “மழை ரெண்டு மாசம் நிக்காம பெஞ்சிருக்கு தம்பி, நான் பாத்திருக்கேன்” என்றார். என் சம்பளம் மழைக்கு நனையாது என்று நான் சொன்னேன். “ஓவர்டைம் நனையாதா?” என்றார். மேலும், அடுத்த வருஷம் அவருக்கு 55 வயது. ஊழியர் சேமநிதி கைக்கு வரும், ஆனால் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கென்று வைத்த அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பது அவருடைய திடசங்கற்பம்.

எப்போதோ வாசித்த புறநானூற்றுப் பாட்டொன்று இவ்விடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. பொன்முடியார் பாடியது என்பது நினைவிருக்கிறது. தாய், தகப்பன், கொல்லன், அரசன், மகன் என்று ஒவ்வொருவருக்கும் உரிய கடமையைக் ‘கடன்’ என்னும் சொல்லாலேயே அது வரிசைப்படுத்துகிறது. திருப்பித் தரவேண்டிய பணத்துக்கும் செய்தே தீரவேண்டிய செயலுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலா, அன்றி நம் முன்னோர் இரண்டையும் ஒன்றென்றே கருதினார்களா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மாவைக் காரில் கொண்டுபோவது என் கடன் என்று நான் வாதித்தேன். என்னைக் கடனில்லாமல் விட்டுச்செல்வது தன் கடன் என்று அவர் வாயால் சொல்லாமல் வாதித்தார்.

முடிவுக்கு வழி கண்டவர் அவர்தான். காரை வாங்குமுன்பே தவணை கட்டிப் பார்ப்போம் என்றார். ஐந்து வருஷத் தவணையென்றால் மாதம் 400 வெள்ளி. ஜூலை முதல் டிசம்பர் வரை அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவர வேண்டும், ஒரு மாதம் தவறினாலும் கார்ப் பேச்சை விட்டுவிட வேண்டும். ஆறு மாதமும் தவறவில்லை. அந்த 2,400 வெள்ளியும் முன்பணத்தோடு சேர, கடன் 17,600 ஆகித் தவணை 352ஆக இறங்கியது. 1997 ஜனவரியில் கையெழுத்திட்டேன். 400 போட்டுப் பழகிய கை நிற்கலாகாதென்று, மிஞ்சிய 48 வெள்ளியும் மாதாமாதம் டின்னுக்கே போயிற்று. மறுவருஷம் பொருளாதார நெருக்கடியில் ஓவர்டைம் நின்று நான் தடுமாறியபோது, டின்னில் பதினைந்து மாதத்துச் சேமிப்பு 720 வெள்ளி இருந்தது; இரண்டு தவணைக்குப் போதும். அந்த இரண்டு மாதம்!

அப்பா அறுபது கொட்டைகளை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு வைத்திருந்தார். நான் தவணை கட்டிய ரசீதைக் காட்டியதும் ஒன்றை எடுத்து வாசலில் எறிவார். கடைசி ரசீதைக் காட்டிய அன்று அவர் ஒன்றை எறிந்த பிறகும் போத்தலில் ஒரு கொட்டை மிச்சமிருந்தது. ரசீதுகளை எண்ணிப் பார்த்தேன், அறுபதும் இருந்தன. அவர் எண்ணும்போது தவறினாரா, தெரிந்தே ஒன்றைக் கூடுதலாகப் போட்டாரா, அன்றி ஏதோ ஒரு மாதம் எறியாமல் விட்டாரா? கேட்கலாமென்று வாயெடுத்தேன், அவர் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பிறகு கேட்கவே இல்லை. இப்போது கேட்க அவரும் இல்லை. அன்று அவர் என் வாதத்துக்கு இணங்கினாரா, நான் அவருடைய வாதத்துக்கு இணங்கினேனா என்பதும் அப்படியே நிற்கிறது. அந்தக் கொட்டை என் மேசைமேல் இருக்கிறது. இது எந்தக் கடனுக்கு உரியது என்று எனக்கு நிச்சயமாய்ச் சொல்லத் தெரியவில்லை.